சீன டீச்சருக்கு நன்றி கடிதம்: கேள்வி பதில்

(குவாங்சோல ஒன்பது வருஷம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவன் நான். சீனால படிச்சு முடிக்கிற பசங்க கேட்டதுக்கு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.)

அண்ணா, ஜூன்ல டிகிரி முடியுது. சீன மொழி சொல்லிக்கொடுத்த மேடத்துக்கு கையால ஒரு கடிதம் எழுதிட்டேன். "வாங்" அவங்க குடும்பப் பேரு, முழுப்பேரோட ஆரம்பிச்சிருக்கேன். செக் பண்ணுங்களேன்?

முதல் வரியிலேயே இடிக்குதும்மா. அங்க வாத்தியார முழுப்பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க, குடும்பப் பேரு முன்னாடி, டீச்சர்ங்கற அர்த்தத்துல லாவ்ஷி பின்னாடி, "வாங் லாவ்ஷி", அவ்ளோதான். அதுக்கு முன்னாடி மரியாதைக்கு "ட்ஸுன்ஜிங் த" சேத்துக்கோ. இடது ஓரத்த ஒட்டி எழுதி முக்காற்புள்ளி வை, நம்ம மாதிரி காற்புள்ளி வைக்காத. அடுத்த வரில ரெண்டு எழுத்துக்கு இடம் விட்டு "நின் ஹாவ்!"னு வணக்கம். ஒவ்வொரு பத்தியும் அதே மாதிரி ரெண்டு கட்டம் தள்ளித்தான் ஆரம்பிக்கணும்.

நீ அனுப்பின கடித போட்டோல இன்னொண்ணும் பாத்தேன். ரெண்டு இடத்துல "நீ"னு எழுதிருக்க. சீனத்துலயும் நீனா நீதான், கேக்க நம்ம ஆளு மாதிரியே இருக்கும், ஆனா டீச்சருக்கு "நீங்க"ங்கற அர்த்தத்துல "நின்" போடணும். அந்த எழுத்த பாரு, மேல "நீ", கீழ இதயம். அவசரத்துல கீழ இருக்கற இதயத்த விட்டுட்டா நீங்க, நீ ஆயிடும். முழுசா எழுதி முடிச்சப்புறம் இதுக்காகவே ஒரு தடவ படிச்சுப் பாரு.

ப்ரோ, வாத்தியாருக்கு பட்டுப்புழு, மெழுகுவத்தி கவிதைதான் எழுதணும், அதுதான் ரூல்னு ஃப்ரெண்ட் சொன்னான்.

பாதி சரி. டீச்சர் வாழ்த்துல அத ரொம்ப பேர் எழுதுறாங்கங்கறது உண்மை. தாங் வம்சக் காலத்துக் கவிஞர் லீ ஷாங்யினோட வரி அது, பட்டுப்புழு சாகுற வரைக்கும் நூல் நூக்குது, மெழுகுவத்தி சாம்பலாகுற வரைக்கும் கண்ணீர் விடுதுனு வரும். ஆனா மூலத்துல அத பிரிஞ்ச காதலப் பத்தின பாட்டாத்தான் பெரும்பாலும் படிக்கிறாங்க. ரூல்லாம் கிடையாது, தேய்ஞ்சு போன உவமை, வயசான வாத்தியாருக்கு "சாகுற வரைக்கும்"னு எழுதறதும் எனக்கு பிடிக்கல.

அதுக்கு பதிலா நடந்தத எழுது. மேல கேட்ட தங்கச்சி கடிதத்துல நடுப்பகுதி ஃபுல்லா "நீங்க தாய் மாதிரி, விளக்கு மாதிரி"னு இருந்துச்சு, கடைசிக்கு முன்னாடி ஒரே ஒரு வரி, "மூச்சுக்குழல்ங்கற வார்த்தைய தப்பா எழுதினப்ப நோட்டுக்குப் பின்னாடி நாலு தடவ கோட்டு வரிசையோட எழுதிக் காட்டினீங்க"னு. விளக்கு, தாய் எல்லாத்தையும் எடுத்துட்டு அந்த நோட்ட முன்னாடி கொண்டு வரச் சொன்னேன், இப்ப வேற யாருக்கும் அனுப்ப முடியாத கடிதம் ஆயிடுச்சு.

முடிக்கறப்ப "ட்ஸுஜி", "ஜிங்லி" ரெண்டும் ஒரே வரில எழுதலாமா?

கூடாது. ட்ஸுஜி ரெண்டு கட்டம் தள்ளி, ஜிங்லி அடுத்த வரில இடது ஓரத்துல ஒட்டி, ஆச்சரியக்குறியோட. ட்ஸுஜினா "இத்தோட தெரிவிச்சுக்கறேன்" மாதிரி, ஜிங்லினா வணக்கம், அது பெறுறவருக்குப் போய்ச் சேர்றது. பெறுறவர குறிக்கற சொல்ல புது வரியோட தலைல வைக்கறது பழைய மரியாதை, அதோட மிச்சம்தான் இது. அப்புறம் வலது பக்கம் கீழ "மாணவி" அப்டினு போட்டு பேரு, அதுக்குக் கீழ தேதி, வருஷம் முதல்ல, மாசம், நாள்.

ஹாய், நான் ஏற்கனவே சிவப்பு பேனால அழகா எழுதிட்டேன், சிவப்பு சீனாக்காரங்களுக்கு ராசிதானே? கூட ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கி வச்சிருக்கேன் 😊

ஐயோ, திரும்ப எழுதுங்க. கவர், கார்டு சிவப்பா இருக்கலாம், ஆனா சிவப்பு மையில கடிதம் எழுதறது உறவ முறிச்சுக்கறதுக்குனு ஒரு நம்பிக்கை இருக்கு. கறுப்பு இல்ல நீலம் போடுங்க. கடிகாரம் வேண்டவே வேண்டாம், "கடிகாரம் கொடுக்கறது"ங்கறதும் "இறுதிக் காரியம் பண்றது"ங்கறதும் உச்சரிப்புல ஒண்ணா வரும். அதுவும் இல்லாம, 2014ல சீனக் கல்வி அமைச்சகம் வாத்தியாருங்க மாணவர்கள்கிட்ட பரிசு வாங்கறதுக்கு கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு, விலை ஜாஸ்தியான பொருளக் கொடுத்து அவங்கள தர்மசங்கடத்துல மாட்டாதீங்க. கடிதம் போதும்.

நான் இங்க எட்டு வருஷமா இருக்கேன் சார். ட்ஸுஜி ஜிங்லி ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கு, என் சீன நண்பர்கள் அத எழுதறதே இல்ல.

உங்க சைடும் நியாயம்தான். நெருக்கமான லாவ்ஷினா "தாவ்லி மான் தியான்ஷியா", பீச்சும் பிளமும் உலகம் பூரா நிறையட்டும், அதாவது உங்க மாணவர்கள் எங்கயும் இருக்கட்டும்னு வாழ்த்தி முடிச்சுடறாங்க. நான் பழைய ஆளு, ஜிங்லி இல்லாம கையெழுத்துக் கடிதம் எனக்கு வெறுமையா தெரியும். உங்க வாத்தியார் வயசு என்னனு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

வீசேட்ல அனுப்பினா இந்த ரெண்டு கட்டம், வலது பக்கம் எல்லாம் வேணுமா?

வேண்டாம், போன்ல அது கோணலாத்தான் தெரியும். "நின்"ன மட்டும் விட்டுடாதீங்க.