எந்த மாற்றம் பலன் தந்தது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு நூல் மில்லில் ஏழு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கோவையில் வேலை தேடுவதற்காக நௌக்ரி புரொஃபைலில் ஹெட்லைன், கீ ஸ்கில்ஸ், சுருக்கம், படம் நான்கையும் ஒரே நாளில் மாற்றினேன். முதல் வாரம் நிறைய அழைப்புகள் வந்தன. மூன்றாம் வாரம் பழையபடி ஆகிவிட்டது. எது பலன் தந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: அந்த முதல் வார அழைப்புகளுக்கு நீங்கள் மாற்றிய நான்கில் எதுவுமே காரணமாக இல்லாமல் இருக்கலாம். ஆள் தேடும் ஹெச்.ஆர். அலுவலர்கள் அண்மையில் தளத்துக்கு வந்தவர்களையும் புரொஃபைலைப் புதுப்பித்தவர்களையும் மட்டும் வடிகட்டிப் பார்ப்பது வழக்கம். நீங்கள் எதைத் திருத்திச் சேமித்தாலும், அது ஒரு முற்றுப்புள்ளியாகவே இருந்தாலும், புதுப்பித்த தேதி மாறிவிடுகிறது. பட்டியலில் சில நாட்களுக்கு மேலே வருகிறீர்கள். பிறகு மெல்லக் கீழே போகிறீர்கள். மூன்றாம் வாரம் அழைப்புகள் குறைந்தது இதனோடு பொருந்துகிறது. ஆகவே சோதனையைத் தொடங்கும் முன் இந்தக் குழப்பத்தை நீக்கியாக வேண்டும். திங்கட்கிழமை காலை என்று ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் தவறாமல் ஒரு சிறு திருத்தம் செய்து சேமியுங்கள். எதையும் சோதிக்காத வாரங்களிலும் இதைச் செய்தால், புதுப்பித்ததன் பலன் எல்லா வாரங்களுக்கும் சமமாகிவிடும். வித்தியாசம் தெரிந்தால் அது நீங்கள் மாற்றிய பகுதியால் வந்தது என்று ஓரளவு நம்பலாம்.

அடுத்ததாக, எதை எண்ணுவது என்பதில் தெளிவு வேண்டும். உங்கள் பெயர் தேடலில் தோன்றுவது, தோன்றிய பெயரை ஒருவர் திறந்து பார்ப்பது, பார்த்தவர் தொடர்புகொள்வது ஆகிய மூன்றும் வேறு வேறு படிகள். புரொஃபைலின் ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் ஒரு படியில்தான் வேலை செய்கிறது. கீ ஸ்கில்ஸ், ஊர், நோட்டீஸ் பீரியட், எதிர்பார்க்கும் சம்பளம் ஆகியவை நீங்கள் தேடலில் அகப்படுகிறீர்களா என்பதைத் தீர்மானிக்கின்றன. அகப்பட்ட பிறகு, பட்டியலில் உள்ள பலருள் உங்களைத் திறந்து பார்க்கத் தூண்டுவது ஹெட்லைன். திறந்தவரைத் தொலைபேசியை எடுக்க வைப்பது சுருக்கமும் பணி அனுபவமும். எனவே கீ ஸ்கில்ஸை மாற்றிவிட்டு அழைப்புகளை எண்ணினால் ஒன்றும் விளங்காது. தேடலில் எத்தனை முறை தோன்றினீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு படிகளின் எண்ணிக்கையைத் தளமே காட்டுகிறது. கடந்த தொண்ணூறு நாள் மொத்தத்தை மட்டும் காட்டும் இடங்களும் உண்டு. அந்த மொத்தத்தில் புதிய வாரம் சேரும்போது பழைய வாரம் ஒன்று கழிந்துவிடும் என்பதால், அதை வைத்து இந்த வாரத்தைக் கணிக்க வேண்டாம். வாரக் கணக்காகக் கிடைப்பதை மட்டும் ஞாயிறு இரவு குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது படியின் கணக்கை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்பவரிடம் "என் விவரத்தை எந்தத் தளத்தில் பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். பதிவுக் கட்டணம் கேட்பவர்களும், கணக்காளர் வேலைக்கென்று அழைத்து இன்சூரன்ஸ் விற்கச் சொல்பவர்களும் இந்தக் கணக்கில் சேரக் கூடாது. நீங்களாக விண்ணப்பித்த இடங்களிலிருந்து வரும் அழைப்புகளையும் தனியே எழுதுங்கள். ஒரு வாரம் முப்பது இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு, அழைப்பு கூடியதற்குப் புதுப் படம்தான் காரணம் என்று நினைப்பவர்கள் நிறைய உண்டு.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், திங்கட்கிழமைத் திருத்தம் மட்டும் செய்கிறீர்கள். தேடலில் 64 முறை தோன்றியிருக்கிறீர்கள், 9 பேர் திறந்து பார்த்தார்கள், ஒருவர் அழைத்தார். அடுத்த இரண்டு வாரத்துக்குக் கீ ஸ்கில்ஸை மட்டும் மாற்றுகிறீர்கள். "கணக்கியல்", "குழுப்பணி" போன்ற பொதுச் சொற்களை எடுத்துவிட்டு, ஹெச்.ஆர். அலுவலர் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யக்கூடிய டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு ஆகியவற்றைச் சேர்க்கிறீர்கள். (இவற்றை ஆங்கிலத்தில், வேலை விளம்பரங்களில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள்.) இப்போது 118 முறை தோன்றுகிறீர்கள், 15 பேர் திறக்கிறார்கள், மூவர் அழைக்கிறார்கள் என்று கொள்வோம். மூன்றும் கூடியிருக்கின்றன, ஆனால் மூன்றையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. சம கால அளவில் எடுத்த இரண்டு எண்களையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த விடையைவிடப் பெரியதாக இருந்தால்தான் அதைப் பொருட்படுத்தலாம். 64உம் 118உம் சேர்ந்து 182. வர்க்கமூலம் சுமார் 13.5, இருமடங்கு 27. வித்தியாசமோ 54. ஆகவே இது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 9உம் 15உம் சேர்ந்து 24; இருமடங்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 10; வித்தியாசம் வெறும் 6. அழைப்பு ஒன்றிலிருந்து மூன்றானது இன்னும் பலவீனம்: வேண்டியது 4, இருப்பது 2. மும்மடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் எதையும் மாற்றாமலே இருந்திருந்தாலும் அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று அழைப்புகள் வந்திருக்கலாம்.

ஆகவே கீ ஸ்கில்ஸை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த இரண்டு வாரம் ஹெட்லைனை மட்டும் தொடுங்கள். இப்போது ஒப்பிட வேண்டியது, தோன்றிய நூறு முறைக்கு எத்தனை பேர் திறந்தார்கள் என்பது. முதலில் 64க்கு 9, அதாவது நூற்றுக்கு 14. பிறகு 118க்கு 15, அதாவது நூற்றுக்கு 13. தோன்றுவது கூடியதே தவிர, திறக்கத் தூண்டும் சக்தி மாறவில்லை. "அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்" என்று மட்டும் இருக்கும் ஹெட்லைனை, நூல் மில்லில் ஏழு ஆண்டு ஜிஎஸ்டி, டிடிஎஸ் பொறுப்பு, கோவைக்கு மாறத் தயார் என்று விரித்துப் பாருங்கள். இந்த எண்கள் சிறியவை என்பதால், இரண்டு வாரத்தில் தெளிவு கிடைக்காவிட்டால் நான்கு வாரம் விடுங்கள். பொறுமை இழந்து இடையில் சுருக்கத்தையும் திருத்தினால், அதுவரை குறித்த வாரங்கள் வீண். சுருக்கத்தின் முறை கடைசியில்தான் வரும். அழைப்புகளின் எண்ணிக்கை எப்போதும் சிறியதாகவே இருக்கும் என்பதால், அதன் பலனைக் கணக்கு வைத்து நிரூபிக்க உங்களால் முடியாமலும் போகலாம். உங்கள் துறையில் ஆள் எடுக்கும் ஒருவரிடம் இரண்டு வடிவங்களையும் படிக்கக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது அங்கே அதிகம் பயன்படும். படத்துக்காகத் தனியே இரண்டு வாரம் செலவிடுவது, கணக்காளர் வேலைக்கு, தேவையற்றது என்பது என் கருத்து. முகம் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

தீபாவளி, பொங்கல் விடுமுறை வரும் வாரங்களை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம். அலுவலகங்கள் பாதி நாள் மூடியிருக்கும்போது முதல் இரண்டு வாரக் கணக்கை எடுத்தால், பின்னால் செய்யும் எந்த மாற்றமும் வெற்றியாகத் தோன்றும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பழைய வாசகத்தை நோட்டில் அப்படியே எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் திரும்பப் போட்டு, எண்ணிக்கை மறுபடி இறங்குகிறதா என்று பார்க்கலாம். ஆனால் தவறான தொலைபேசி எண், பழைய ஊர், உண்மைக்கு மாறான நோட்டீஸ் பீரியட் போன்றவற்றைச் சோதனை என்று காத்திருக்காமல் இன்றே சரிசெய்யுங்கள். நோட்டீஸ் பீரியடை வைத்து வடிகட்டும் வசதி ஹெச்.ஆர். அலுவலர்களிடம் உண்டு; மில்லில் இரண்டு மாதம் என்று ஒப்பந்தம் இருக்க, பதினைந்து நாள் என்று போட்டால் தேடலில் தோன்றுவது கூடும், ஆனால் முதல் அழைப்பிலேயே அது வெளிப்பட்டுப் பேச்சு நின்றுவிடும். எதிர்பார்க்கும் சம்பளத்தை மட்டும், கோவையில் இதே வேலைக்கு வரும் விளம்பரங்கள் பத்தையாவது பார்த்த பிறகு, தனியொரு மாற்றமாக எடுத்துச் சோதியுங்கள்.