மேற்கோளா, கருத்துச் சுருக்கமா? கேள்வி பதில்

கேள்வி (மாவட்டச் செய்தியாளர்): ஐயா, ஒலிப்பதிவு கையில் இருக்கும்போது, ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே மேற்கோள்குறிக்குள் போட்டுவிடுவதுதானே நேர்மை? நம் நடையில் மாற்றி எழுதினால்தானே திரிபு வருகிறது?

பதில்: பாதி சரி. பதிவில் இருப்பது சொல்லும் குரலும். அச்சுக்கு வருவது சொல் மட்டும். குரல் உதிர்ந்ததும் பொருள் தலைகீழாகிவிடும் பேச்சுகள் உண்டு. ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். ஏரிக்கரை உடைந்த இடத்தில் செய்தியாளர்கள் நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். “உங்கள் அலட்சியத்தால்தானே உடைந்தது?” என்று நான்காவது முறையாகக் கேட்டதும் அவர் எரிச்சலுடன், “ஆமாங்க, நாங்கதான் ராத்திரி வந்து மண்வெட்டியால வெட்டிவிட்டோம், எழுதிக்கோங்க. கலுங்குல ஆகாயத்தாமரை அடைச்சிருக்குன்னு போன மாசமே எழுதி அனுப்பிட்டோம், அதைப் போய்ப் பாருங்க” என்கிறார்.

இதில் “நாங்கதான் வெட்டிவிட்டோம்” என்பதை மட்டும் மேற்கோளிட்டுப் போட்டால் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஆனால் செய்தி முழுப் பொய். இங்கே நேர்மையானது கருத்துச் சுருக்கம்தான்: “கரை உடைந்ததற்குத் துறையின் அலட்சியமே காரணம் என்ற குற்றச்சாட்டைப் பொறியாளர் கேலியாக மறுத்தார். கலுங்கில் ஆகாயத்தாமரை அடைத்திருப்பது குறித்துச் சென்ற மாதமே மேலிடத்துக்கு எழுதிவிட்டதாக அவர் தெரிவித்தார்.” அதன்பின் அந்தக் கடிதம் உண்மையிலேயே போனதா என்று விசாரிப்பது உங்கள் வேலை. மேற்கோளோடு நின்றிருந்தால் அந்த விசாரணைக்கே வழி திறந்திருக்காது.

ஒலிப்பதிவு இருக்கிறதே என்ற துணிவில் இன்னொரு தவறும் நடக்கிறது. யாரோ சொன்னதைத்தானே குறிக்குள் போட்டோம், நம் மீது அவதூறு வழக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு சொன்னவரோடு நிற்பதில்லை, வெளியிட்டவரையும் பிடிக்கும்.

கேள்வி (அதே செய்தியாளர்): “கேலியாக” என்று நான் எழுதுவது என் கருத்தாகிவிடாதா? அவர் பிறகு, “நான் கேலி செய்யவில்லை” என்றால்?

பதில்: நியாயமான அச்சம். அதனால்தான் அவருடைய இரண்டாவது வாக்கியத்தை விடாமல் சேர்த்தேன். உண்மையாகவே ஒப்புக்கொள்கிற ஒருவர் அடுத்த மூச்சில் தன் கடிதத்தைப் பார்க்கச் சொல்லமாட்டார். தொனி பற்றி நாம் சொல்லும் எதற்கும் அவருடைய பேச்சிலிருந்தே ஓர் ஆதாரம் செய்திக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒன்றும் அகப்படவில்லையென்றால் தொலைபேசியில் அழைத்து, “இப்படித்தான் புரிந்துகொண்டேன், சரியா?” என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. பதிப்பு முடிக்கும் நேரத்தில் அதுவும் முடியாதென்றால் அந்த வரியை விட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் எழுதலாம்.

கேள்வி (இணையப் பதிப்பில் மொழிபெயர்ப்பாளர்): எங்கள் அலுவலகத்தில் எல்லாப் பேட்டிகளையும் “அவர் கூறியதாவது” என்று தொடங்கி “இவ்வாறு அவர் கூறினார்” என்று முடிக்கிறோம். நடுவில் மேற்கோள்குறியே கிடையாது. இது நேர்க்கூற்றா, அயற்கூற்றா?

பதில்: இரண்டும் இல்லை என்பதே என் நெடுநாள் மனக்குறை. தமிழ் நாளிதழ்களின் பழைய சட்டகம் அது. உள்ளே “நான்”, “நாங்கள்” என்று தன்மையில் வாக்கியங்கள் இருப்பதால் வாசகர் அதைச் சொல்லுக்குச் சொல் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார். ஆனால் இருபது நிமிடப் பேச்சை இரண்டு பத்தியாக்கி, பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கி, வரிசையையும் மாற்றியவர் செய்திமேசையில் இருக்கும் துணை ஆசிரியர். நேர்க்கூற்றின் நம்பகத்தை எடுத்துக்கொண்டு, அதற்குரிய கட்டுப்பாட்டை மட்டும் ஏற்காத வடிவம் இது.

அரசுத் திட்ட அறிவிப்பு, அஞ்சலிக் குறிப்பு போன்றவற்றில் இதனால் பெரிய கேடில்லை. சர்ச்சைக்குரிய பேச்சில்தான் ஆபத்து, அதிலும் நிபந்தனை வரும் இடத்தில். தமிழில் நிபந்தனை முன்னால் வருகிறது, வினை கடைசியில் நிற்கிறது. “மத்திய அரசின் நிதி மார்ச்சுக்குள் வந்து, நிலம் கையகப்படுத்துவதில் வழக்கு ஏதும் வராமல் இருந்தால், ஜூனில் பாலத்தைத் திறப்போம்” என்று ஓர் அமைச்சர் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பற்றாக்குறையில் முன்பகுதியை வெட்டினாலும் “ஜூனில் பாலத்தைத் திறப்போம்” என்பது இலக்கணப்படி முழு வாக்கியமாகவே நிற்கும். வெட்டிய தழும்பு வாசகர் கண்ணுக்குத் தெரியாது. ஜூலையில் அவரைப் பொய்யர் என்று எழுதவும் வசதியாகிவிடும்.

என் யோசனை இது. சட்டகத்தை உங்களால் மாற்ற முடியாவிட்டால், உள்ளே தன்மை வாக்கியங்களைத் தவிர்த்து, “நிதியும் நிலமும் தடையின்றிக் கிடைத்தால் ஜூனில் திறக்க முடியும் என்றார்” என்று பத்திக்குப் பத்தி “என்றார்”, “தெரிவித்தார்” போட்டு எழுதுங்கள். படிக்கச் சற்று அலுப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். கடைசிப் பத்தி வரை யார் கருத்து என்று தெரியாமல், பத்திரிகையே சொல்வதுபோல் ஒலிப்பதைவிட அது மேல்.

கேள்வி (முன்னாள் ஊராட்சித் தலைவர்): என்னிடம் பேட்டி எடுத்தவர் நான் சொன்னதை மாற்றவில்லை. “மூன்று தெருக்களுக்கு இன்னும் குழாய் போடவில்லை” என்றுதான் நான் சொன்னேன். ஆனால் செய்தியில் “மூன்று தெருக்களுக்குக் குடிநீர் இல்லை என்று தலைவரே ஒப்புக்கொண்டார்” என்று வந்துவிட்டது. மறுப்பு அனுப்பினால், சொன்னீர்களா இல்லையா என்று கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: இரண்டு இடங்களில் மாற்றியிருக்கிறார்கள், ஐயா. குழாய் இல்லை என்பது குடிநீர் இல்லை என்றாகியிருக்கிறது. அந்தத் தெருக்களுக்கு லாரியில் தண்ணீர் போயிருந்தால் அது தகவல் பிழையே. உங்கள் மறுப்பில் முதலில் அதைச் சொல்லுங்கள், ஏனென்றால் அதைத்தான் அவர்களால் மறுக்க முடியாது.

இரண்டாவது, வினைச்சொல். நீங்களாகச் சொன்ன ஒன்றை “ஒப்புக்கொண்டார்” என்றால், அதுவரை மறைத்து வைத்திருந்தீர்கள் என்றாகிறது. “மழுப்பினார்”, “சமாளித்தார்”, “கொந்தளித்தார்” எல்லாம் இந்த வகைதான். கருத்துச் சுருக்கத்தில் அநியாயம் நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான், ஆகவே “கூறினார்”, “தெரிவித்தார்” என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளும்படி என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்வேன். மறுப்பை ஆசிரியருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பயனில்லையென்றால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் புகார் அனுப்பலாம், ஆனால் அங்கே விரைவை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): மேற்கோளுக்கு ஒற்றைக்குறி இடுவதா, இரட்டைக்குறி இடுவதா? முற்றுப்புள்ளி குறிக்கு உள்ளேயா, வெளியேயா? இதில் ஒழுங்கே இல்லாமல் போய்விட்டது.

பதில்: இங்கே நாம் பேசுவது அதுவன்று. ஒரே இதழில் ஒரே முறை இருந்தால் போதும் என்பதற்கு மேல் எனக்கு அதில் பிடிவாதமில்லை. ஆனால் ஒற்றைக்குறியைக் கிளறிவிட்டதற்கு நன்றி. நம் நாளிதழ்த் தலைப்புகளில் யாரும் சொல்லாத சொற்களை ஒற்றைக்குறிக்குள் வைக்கும் வழக்கம் இருக்கிறது. துணை ஆசிரியர் செய்த சுருக்கம் அது, வாசகர் கண்ணுக்கோ அந்தத் தலைவர் வாயிலிருந்து வந்த சொல். பதிவில் இல்லாத சொல்லுக்குத் தலைப்பிலும் குறி போடக்கூடாது.

கேள்வி (சட்டக்கல்லூரி மாணவி): நீதிமன்றச் செய்திகளில் எப்படி? நீதிபதிகள் விசாரணையின்போது வாய்மொழியாகச் சொல்வது தீர்ப்பில் வருவதில்லை. அதை மேற்கோளாகப் போடலாமா?

பதில்: போடலாம், சில இடங்களில் போட்டே தீர வேண்டும். 2021 ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். கரூர் தொகுதி வாக்கு எண்ணிக்கையில் கொரோனா பாதுகாப்பு ஏற்பாடுகள் கோரி எம்.ஆர். விஜயபாஸ்கர் தொடர்ந்த வழக்கு அது. கொரோனா பரவிய நேரத்தில் தேர்தல் கூட்டங்களைத் தடுக்கத் தவறியதற்காகத் தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது ஒருவேளை கொலைக் குற்றச்சாட்டே பதிவு செய்ய வேண்டியிருக்குமோ என்ற பொருள்பட, தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி தலைமையிலான அமர்வு ஆங்கிலத்தில் வாய்மொழியாகக் கடிந்துகொண்டது. அன்றைய எழுத்துபூர்வ உத்தரவில் அந்தச் சொற்கள் இல்லை.

அவ்வளவு கடுமையான சொல்லை நம் நடையில் மழுக்கி, “ஆணையத்தின் மீது நீதிமன்றம் அதிருப்தி தெரிவித்தது” என்று எழுதியிருந்தால் அது வாசகரை ஏமாற்றுவதாகியிருக்கும். சொல்லே செய்தியாக இருக்கும்போது சுருக்கத்துக்கு இடமில்லை. ஆனால் எதிர்ப்புறத்திலும் பிழைக்கு இடமுண்டு. ஆங்கிலச் செய்திகளில் வாக்கியத்தின் கடைசியில் நின்ற “ஒருவேளை” என்ற தயக்கச் சொல், தமிழ்த் தலைப்புக்கு வருவதற்குள் உதிர்ந்துவிடுவது எளிது. உதிர்ந்தால் ஆத்திரத்தில் வந்த கண்டனம், வழக்குப் பதிவு செய்யச் சொன்ன உத்தரவுபோல ஆகிவிடுகிறது. ஆகவே அந்த ஒரு தொடரை மட்டும் தயக்கத்தோடு சேர்த்து மேற்கோளாகத் தந்து, மற்றவற்றை நம் சொல்லில் எழுதி, “இது வாய்மொழிக் கருத்து, உத்தரவில் இடம்பெறவில்லை” என்பதை முதல் இரண்டு பத்திகளுக்குள்ளேயே சொல்லியிருக்க வேண்டும்.

இதன் தொடர்ச்சியும் உங்களுக்குப் பயன்படும். வாய்மொழிக் கருத்துகளை ஊடகங்கள் வெளியிடுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் கோரித் தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2021 மே 6 அன்று நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் சொற்கள் கடுமையானவை, உவமை பொருத்தமற்றது என்று சொன்ன அதே தீர்ப்பு, விசாரணையில் நடப்பதை வெளியிடும் உரிமையை உறுதிசெய்தது. அந்தக் கருத்துகள் உத்தரவில் இல்லாததால் நீக்குவது என்ற கேள்வியே எழவில்லை என்றும் கூறியது.

ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் குறிக்குள் போட்டால் அது மேற்கோளா என்று அடுத்துக் கேட்பீர்கள். என் பார்வையில் மொழிபெயர்ப்பு எதுவும் முழு மேற்கோள் ஆகாது. “என்ற பொருள்பட” என்ற இரு சொற்களைச் சேர்த்தால் குறியே தேவைப்படாது.

கேள்வி (சுதந்திரப் பத்திரிகையாளர்): நான் கடலோரக் கிராமங்களிலிருந்து எழுதுகிறேன். மீனவப் பெண்களின் பேச்சை அவர்கள் வழக்கிலேயே மேற்கோளிடுகிறேன். மேசையில் அதை எழுத்துத் தமிழாக்கிக் குறிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அமைச்சர் பேச்சையும் அப்படித்தான் திருத்துகிறார்கள் என்று சமாதானம் சொல்கிறார்கள். யார் செய்வது சரி?

பதில்: உங்கள் மேசை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அமைச்சர் பேசும் கொச்சையைத் துடைத்துவிட்டு, மீனவப் பெண்ணின் கொச்சையை மட்டும் அப்படியே வைத்தால், அவரை வேடிக்கைப் பொருளாக்குகிறோம். அமெரிக்காவில் புவேர்ட்டோ ரிக்கோ பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமெண்டேயின் ஆங்கிலத்தை அவருடைய உச்சரிப்பிலேயே எழுத்துக்கூட்டி அச்சிட்டார்கள் அந்தக் காலச் செய்தியாளர்கள். தன்னை முட்டாளாகக் காட்டுகிறார்கள் என்று அவர் மனம் கசந்தார். சொல்லுக்குச் சொல் சரியான மேற்கோள் அநியாயமாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட வெளிப்படையான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதற்காகத் திருத்திய வாக்கியத்தைக் குறிக்குள் வைப்பதும் சரியாகாது, ஏனென்றால் அந்தப் பெண் அப்படிப் பேசவில்லை. நான் செய்வது, தகவலை எழுத்துத் தமிழில் குறியில்லாமல் தந்துவிட்டு, வேறு யாரும் சொல்ல முடியாத ஒரே ஒரு தொடரை மட்டும் அவர் வழக்கிலேயே குறிக்குள் வைப்பது. அதே அளவுகோலை அமைச்சருக்கும் வைப்பேன். இதை ஏற்காத தோழர்கள் எனக்கு உண்டு. வட்டார வழக்கு முழுதாக அச்சேறினால்தான் அது கொச்சை என்ற எண்ணமே ஒழியும் என்கிறார்கள் அவர்கள். நீண்ட கட்டுரைகளில் அவர்கள் சொல்வது சரியென்றே படுகிறது. நான்கு பத்திச் செய்தியில் எனக்கு இன்னும் ஒப்பவில்லை.