முதல் க்ளைம்பிங் ஷூ: எந்த அளவு, எவ்வளவு வளைவு, என்ன ரப்பர்?

கேள்வி: உள்ளரங்கச் சுவரில் நான்கு மாதமாக வாடகை ஷூ போட்டு ஏறுகிறேன். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனேன், குழப்பம்தான் மிச்சம். வழக்கமாக 42 போடுவேன். "ரெண்டு சைஸ் குறைச்சு வாங்கு" என்றார் நண்பர். 40 போட்டுப் பார்த்தேன், எழுந்து நிற்கவே முடியவில்லை. கடைக்காரரோ முன்பக்கம் கீழ்நோக்கி வளைந்த ஒரு மாடலைக் காட்டி, "இதுல ரப்பர் சாஃப்ட், நல்லா ஒட்டும்" என்கிறார். நான் எதை வாங்குவது?

பதில்: அந்த 40ஐ வாங்காமல் வந்தது சரிதான். உங்களுக்கு வேண்டியது தட்டையான அடிப்பாகமும், கொஞ்சம் தடித்த, அவ்வளவு மென்மையில்லாத ரப்பரும் உள்ள ஒரு ஷூ. அளவில் 41இல் தொடங்கி, 40.5ஐயும் போட்டுப் பாருங்கள். ஆனால் இந்த எண்களை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஐரோப்பிய அளவில் ஒரு சைஸ் என்பது சுமார் 6.7 மில்லிமீட்டர். இரண்டு சைஸ் குறைத்தால் 13 மில்லிமீட்டர் போய்விடும். சாதாரண நடை ஷூவில் விரல்களுக்கு முன்னால் விட்டுவைக்கும் காலி இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏறும்போது அந்தக் காலி இடம் இருக்கக் கூடாது, எனவே இரண்டு சைஸ் குறை என்ற கணக்கு பிறந்தது. நடை ஷூ மாதிரியே எண் போடும் நிறுவனத்துக்கு அது ஓரளவு பொருந்தும். சில நிறுவனங்களோ அந்த இடத்தைத் தாங்களே கழித்துவிட்டுத்தான் எண்ணை ஒட்டுகின்றன. அவர்களுடைய 42 அளவே விரல்நுனியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதிலும் போய் இரண்டு குறைத்தால் கழித்ததையே மறுபடி கழித்தது போலாகும். உங்கள் நண்பர் சொன்னது அவர் போடும் மாடலுக்கு உண்மையாகவே இருக்கலாம். அது உங்கள் பாதத்துக்கான கணக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே எண்ணை மறந்துவிட்டு, ஷூவுக்குள் பாதம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மாலையில் கடைக்குப் போவது நல்லது. பகலெல்லாம் நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஏறும்போது இருக்கும் அளவுக்கு அதுதான் நெருக்கம். நகத்தை வெட்டிக்கொண்டு, சாக்ஸ் இல்லாமல் போடுங்கள். இரண்டு பாதமும் ஒரே நீளமாக இருப்பது அபூர்வம், பெரிய பாதத்துக்குப் பார்த்து எடுங்கள்.

முதலில் விரல்கள். கட்டைவிரல் நுனி முன்பக்கத்தை உறுதியாகத் தொட வேண்டும். மற்ற விரல்களின் கணுக்கள் லேசாக மேல்நோக்கி மடங்கியிருக்கலாம். தட்டையாக, தாராளமாகக் கிடந்தால் ஷூ பெரியது. கணுக்கள் ஷூவின் மேல்பாகத்தை முட்டிக்கொண்டு கூர்மையாக வலித்தால் சிறியது. அடுத்து குதிகால். பின்பக்கத்தை இரண்டு விரலால் அமுக்குங்கள், உள்ளே காற்றுப் பை போல அமுங்கினால் அந்த மாடலின் வடிவமே உங்கள் காலுக்கு ஒத்துவராது, சைஸ் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. ஷூவின் மேல்விளிம்பு குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை வெட்டுவது போல அழுத்தினாலும் அப்படித்தான். பாதத்தின் வளைவுக்கு அடியிலும் வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உட்கார்ந்துகொண்டு பார்த்தால் எல்லா ஷூவும் பொருந்துவது போலத்தான் இருக்கும். எழுந்து, கட்டைவிரல் பகுதியை மட்டும் ஒரு சிறு விளிம்பில் வைத்து, முழு எடையையும் அந்தக் காலில் போடுங்கள். பல கடைகளில் இதற்கென்றே சுவரில் ஓரிரு பிடிகளைப் பொருத்தியிருப்பார்கள். இல்லாவிட்டால் படியின் விளிம்பு போதும். பாதம் உள்ளுக்குள் சறுக்கிச் சுழன்றாலோ குதிகால் கழன்று மேலே வந்தாலோ ஒரு அரை சைஸ் கீழே போங்கள். ஐந்து நிமிடம் போட்டிருந்தும் விரல்கள் இறுக்கமாக மட்டும் இருந்தால் சரி. மரத்துப்போனாலோ ஒரே இடத்தில் ஊசி குத்துவது போல வலித்தாலோ அது வேண்டாம். இறுக்கம் பழகிவிடும், குத்தல் பழகாது.

"போடப் போட விரிந்துவிடும்" என்றும் சொல்வார்கள். எது விரியும் என்பது மேல்பாகத்தின் பொருளைப் பொறுத்தது. உள்துணி இல்லாத தோல் ஒரு சைஸ் வரைகூட நெகிழும். உள்துணி தைத்த தோல் அதைவிடக் குறைவாக. செயற்கைத் துணி ஏறக்குறைய வாங்கியபோது இருந்தபடியே இருக்கும். இன்னொன்று, நெகிழ்வு பெரும்பாலும் அகலத்தில்தான் வரும். முன்னும் பின்னும் ரப்பர் சுற்றியிருப்பதால் நீளம் அவ்வளவாகக் கூடாது. எனவே கட்டைவிரல் நுனியில் வலிக்கிறது என்றால் நாளாக ஆகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கவாட்டில் சற்றுப் பிடிப்பதாக இருந்தால் தோல் ஷூவில் கொஞ்சம் பொறுக்கலாம். அதாவது 41, 40.5 இரண்டும் நின்று பார்க்கும்போது ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றினால், உள்துணியில்லாத தோலில் 40.5ஐ எடுங்கள், செயற்கைத் துணியில் 41ஐ எடுங்கள்.

இனி அந்த வளைவு. முன்பக்கம் கீழே திரும்பியிருப்பதைத்தான் டவுன்டர்ன் என்கிறார்கள். குதிகாலைச் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டை பாதத்தை முன்னே தள்ள, வளைவு விரல்களைக் கீழ்நோக்கிக் குவித்து, முழு பலத்தையும் கட்டைவிரல் நுனிக்குக் கொண்டுவருகிறது. தலைக்குமேல் சாய்ந்து வரும் சுவரில் உடல் வெளியே தொங்கப் பார்க்கும். அங்கே கால் பிடியின் மேல் நின்றால் போதாது, கொக்கி போலப் பிடியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். வளைந்த ஷூ அதற்காகவே செய்யப்பட்டது.

நீங்கள் இப்போது ஏறும் இடமோ பெரும்பாலும் நேர்ச்சுவர், அல்லது கொஞ்சம் சாய்ந்த சுவராக இருக்கும். அங்கே எடை மேலிருந்து கீழே பிடியின் மீது இறங்குகிறது. குதிகாலைச் சற்றுத் தாழ்த்தி, ரப்பரை எவ்வளவு அதிகப் பரப்பில் சுவரில் பதிக்கிறோமோ அவ்வளவு பிடிமானம். பிடியே இல்லாத இடத்தில் வெறும் சுவரில் பாதத்தைப் பதித்து நிற்கும் ஸ்மியரிங்குக்கும் இது பொருந்தும். வளைந்த ஷூவில் இதைச் செய்ய, ஒவ்வொரு அடியிலும் முதலில் வளைவைத் தட்டையாக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்தை விரல்கள்தான் தாங்கும். வலி தாங்காமல் அவசர அவசரமாகக் காலை வைத்து ஏறும் பழக்கமும் கூடவே வந்துவிடும். அதைவிட மோசம், வலிக்கிறதே என்று வளைந்த ஷூவையே பெரிய அளவில் வாங்குவது. விரல்நுனி முன்பக்கத்தை எட்டாது, வளைவுக்கடியில் வெற்றிடம், சிறு பிடியில் வைத்தால் ஷூ மட்டும் மடங்கும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

எப்போது வளைவு தேவைப்படும் என்று கேட்டால், தலைக்குமேல் சாய்ந்து வரும் சுவரில் காலைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறீர்கள், உடலையும் இறுக்கித்தான் பிடித்திருக்கிறீர்கள், ஆனாலும் கால் பிடியிலிருந்து திரும்பத் திரும்பக் கழன்றுவிடுகிறது என்றால் அப்போது. அது பெரும்பாலும் முதல் ஷூவின் அடிப்பாகம் தேய்ந்த பிறகுதான் வரும்.

ரப்பர் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. மென்மையான ரப்பர் சுவரின் சொரசொரப்புக்குள் அமுங்கிப் பதிவதால் நன்றாக ஒட்டும். கடினமான ரப்பர் சிறு விளிம்பில் நிற்கும்போது வழிந்து நெளியாமல் தாங்கும், மெதுவாகவும் தேயும். ரப்பர் செய்யும் வைப்ரம் என்ற ஒரே நிறுவனத்திலேயே எக்ஸ்எஸ் எட்ஜ் கடினமான வகை, எக்ஸ்எஸ் க்ரிப் 2 மென்மையான வகை. ஆனால் புதிதாக ஏறுபவருக்கு இந்தப் பெயர்களைவிட முக்கியம் தடிமன். லா ஸ்போர்டிவாவின் டரன்டுலேஸ் போன்ற தொடக்கநிலை ஷூவில் 5 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கும். அதே நிறுவனத்தின் வளைந்த ஷூவான சொல்யூஷனில் எக்ஸ்எஸ் க்ரிப் 2, 3.5 மில்லிமீட்டர்தான்.

அந்த ஒன்றரை மில்லிமீட்டர் எங்கே போகும் தெரியுமா? பழகிய ஒருவர் ஏறும்போது கவனியுங்கள், கால் ஓசையில்லாமல் பிடியில் போய் உட்காரும். நாம் தொடக்கத்தில் விரல்நுனியைச் சுவரில் உரசிக்கொண்டே மேலே கொண்டுபோவோம், பிடியில் வைத்த பின்பும் காலைத் திருகுவோம். உள்ளரங்கப் பிடிகளும் சுவரும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பானவை. ஒவ்வொரு உரசலும் கட்டைவிரலுக்கு அடியில் உள்விளிம்பிலிருந்து கொஞ்சம் ரப்பரைச் சுரண்டிவிடும். மெல்லிய, மென்மையான ரப்பர் அந்த இடத்தில் சில மாதங்களிலேயே ஓட்டையாகலாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஷூ விறைப்பாக இருப்பதற்கு ரப்பர் மட்டும் காரணமில்லை, பாதத்துக்கும் ரப்பருக்கும் நடுவே உள்ள மிட்சோல் தகடுதான் பெரிய காரணம். ஷூவை இரு கையிலும் பிடித்து வளைத்துப் பார்த்தால் தெரியும். பாதத் தசைகள் இன்னும் பழகாத உங்களுக்கு ஓரளவு விறைப்பான மிட்சோல் சிறு பிடிகளில் துணையாக இருக்கும். உடல் எடை அதிகம் என்றால் அது இன்னும் அவசியம். எடை மிகக் குறைவு என்றால் விறைத்த ஷூ உங்கள் காலுக்கு வளைந்தே கொடுக்காது, கொஞ்சம் மென்மையானதைப் பாருங்கள்.

லேஸா, வெல்க்ரோவா என்பதில் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாதம் அகலமாகவோ மேல்பக்கம் உயரமாகவோ இருந்தால் லேஸில் இடத்துக்கு இடம் தளர்த்திக்கொள்ளலாம். உள்ளரங்கில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இடையே கழற்றி மாட்ட வெல்க்ரோ சுலபம். கழற்றத்தான் வேண்டும், சரியான அளவு ஷூவும் மணிக்கணக்கில் போட்டுக்கொண்டு உட்காருவதற்கானதில்லை.

வாங்கிய பிறகு, அதைப் போட்டுக்கொண்டு கழிவறைக்கோ வெளியிலோ நடக்காதீர்கள். அடிப்பக்கத்தில் கையில் பூசும் சாக் பொடியும் தூசியும் ஏறி ரப்பர் மினுமினுப்பாகத் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் வைத்தால் பசை இளகி சோல் பிரியலாம். அப்புறம், மாதம் ஒருமுறை கட்டைவிரல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடி ரப்பரும், விரலைச் சுற்றி மேலே ஏறும் மெல்லிய ராண்ட் ரப்பரும் சேரும் கோடு அங்கே தெளிவாகத் தெரியும். தேய்மானம் அந்தக் கோட்டை நெருங்கும்போதே புது சோல் ஒட்டக் கொடுத்துவிடுங்கள். கோட்டைத் தாண்டி ராண்டில் ஓட்டை விழுந்துவிட்டால் ராண்டுக்கும் சேர்த்து வேலை வைக்கும், ஷூ பழைய வடிவத்துக்குத் திரும்புவதும் சந்தேகம்.