லீவில் இருப்பவர் தலையில் கட்டிய பதில்

கேள்வி: வேலையை விட்டுப் போனவர்களில் 25 பேரை எடுத்துப் பார்த்ததில், 6 பேருடைய யூசர் ஐடி இன்னும் முடக்கப்படவில்லை என்று ஆடிட்டில் எழுதிவிட்டார்கள். ‘ஐடி துறை விரைவில் சரிசெய்யும்’ என்று பதில் கொடுத்தேன். பெயரும் தேதியும் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஐடி துறையில் இருக்கும் ஜூனியர் பையன் பெயரைப் போட்டு, 30 நாள் என்று எழுதியிருக்கிறேன். அவன் இப்போது குழந்தை பிறந்து லீவில் இருக்கிறான். இது போதுமா?

பதில்: பிள்ளை பெற்ற வீட்டில் இருப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கூட வேலை பார்ப்பவன் இல்லாத நேரத்தில் அவன் தலையில் கடனை எழுதி வைப்பது எந்த வீட்டிலும் நியாயம் இல்லை, ஆபீசிலும் இல்லை.

நியாயத்தை விடுங்கள், வேலையும் நடக்காது. அந்த 6 ஐடி ஏன் திறந்தே கிடந்தன? ஆள் போன தகவலை எச்.ஆர். அனுப்பினார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். சொல்லாத ஐடியை யாரும் பூட்ட முடியாது. அப்படியானால் பொறுப்பாளர் எச்.ஆர். மேனேஜர்தான். பொறுப்பாளர் என்றால் கீபோர்டில் தட்டுகிறவர் இல்லை, நடைமுறையை மாற்ற உத்தரவு போடக்கூடியவர். ஜூனியர் போய் எச்.ஆருக்கு உத்தரவு போடுவானா?

30 நாளும் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கணக்கு. ஐடியைப் பூட்ட ஒரு நாள் போதும். நடைமுறையை மாற்றி, அது ஓடுகிறது என்று காட்ட மாதங்கள் ஆகும். வரைவு அறிக்கை ஜூன் 2-ல் வந்ததாக வைத்துக்கொண்டால், இப்படி எழுதுங்கள்:

“குறிப்பை ஏற்கிறோம். 6 ஐடியும் ஜூன் 3-ல் முடக்கப்பட்டன. வேலையை விட்ட தேதிக்குப் பிறகு அவற்றில் யாராவது நுழைந்தார்களா என்று லாக் பதிவைப் பார்த்து, ஜூன் 10-க்குள் தெரிவிப்போம். இயங்கும் ஐடி அனைத்தையும் சம்பளப் பட்டியலோடு ஜூன் 30-க்குள் ஒப்பிடுவோம். ஐடி துறை கையெழுத்து இல்லாமல் விலகுபவரின் சம்பளக் கணக்கை முடிக்கக் கூடாது என்ற விதி ஜூலை 31-ல் அமலாகும். ஆகஸ்ட், செப்டம்பரில் விலகுபவர்களின் கையெழுத்துப் படிவங்களை அக்டோபர் 15-ல் ஆதாரமாகக் கொடுப்போம். பொறுப்பு: எச்.ஆர். மேனேஜர் (பெயர்).”

லாக் பார்க்கும் வரியை விட்டுவிடாதீர்கள். பூட்டியது இனிமேலுக்கு, திறந்திருந்த நாட்களில் என்ன நடந்தது என்பது அந்த லாக்கில்தான் இருக்கிறது. ‘ஏற்கிறோம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஆனால்’ வேண்டாம். ஆறில் ஒருவர் மறுபடி வேலைக்குச் சேர்ந்தவர் என்றால், அறிக்கை வரைவாக இருக்கும்போதே ஆடிட்டரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.

இன்றே எச்.ஆர். மேனேஜரோடு உட்கார்ந்து ஒவ்வொரு தேதியையும் அவர் வாயால் சொல்ல வையுங்கள். பிறகு ஆடிட்டருக்கு மெயில் போட்டுப் பையன் பெயரை எடுங்கள். இறுதி அறிக்கை போய்விட்டால், பொறுப்பாளரை ஏன் மாற்றினீர்கள் என்று ஆடிட் கமிட்டியிடம் நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.