ஃபிளாஷ் படங்களில் முகத்தின் பளபளப்பு

கேள்வி: ஃபிளாஷ் போட்டு எடுத்தால் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடிவதுபோல் மின்னுகின்றன. எடிட்டிங்கில் குறைத்தால் முகம் தட்டையாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

அந்த மினுக்கம் தோலின் நிறமன்று. தோல்மேல் படிந்த எண்ணெயிலும் வியர்வையிலும் தெரியும் ஃபிளாஷின் பிம்பம். எவர்சில்வர் தட்டில் பல்பு கூசும் புள்ளியாகவும், ஜன்னல் வெளிச்சம் அகன்ற மெல்லிய ஒளியாகவும் தெரியுமல்லவா? முகத்திலும் அப்படித்தான். விளக்கு சிறிதாக இருந்தால் பிம்பம் சுருங்கிக் கண்ணைப் பறிக்கும்.

ஆகவே முதலில் டிஷ்யூ தாளால் நெற்றியையும் மூக்கின் இருபுறத்தையும் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் தோல் சிவக்கும். அடுத்து, ஃபிளாஷின் தலையைப் பக்கவாட்டில் உள்ள வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். இப்போது சுவரே பெரிய விளக்காகிறது; மினுக்கம் பரந்து மங்குகிறது. ஒளி ஒரு பக்கத்திலிருந்து வருவதால் மறுகன்னத்தில் நிழல் விழுந்து முகத்தின் வடிவமும் நிற்கிறது. பச்சைச் சுவர் என்றால் முகமும் பச்சையடிக்கும், கவனம்.

எடிட்டிங்கில் படம் முழுவதன் வெளிச்சப் பகுதிகளையும் இறக்காதீர்கள்; தட்டையாவது அதனால்தான். தனி லேயரில், அருகிலுள்ள தோலின் நிறத்தை ‘Darken’ முறையில் மினுக்கத்தின்மேல் மட்டும் பூசி, அடர்த்தியை 40 சதவீத அளவில் வையுங்கள். மூக்கு நுனியில் சிறிது ஒளி மிஞ்சட்டும். முற்றிலும் வெளுத்துப்போன இடத்தில் தோலின் நுண்துளைகள் மீளா, அங்கே ஹீலிங் பிரஷ்தான் வழி.

ஃபிளாஷின் சக்தியைக் குறைத்தால் பளபளப்பு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். முகமும் சேர்ந்து இருளுமே தவிர, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அப்படியேதான் இருக்கும்.