எந்த இடத்தில் வெட்டினீர்கள்?

கேள்வி: மேடையில் பேசியதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் போட்டோம். அதற்கும் ‘திரித்துவிட்டீர்கள்’ என்று சண்டைக்கு வருகிறார்கள். சொன்னதைத்தானே போட்டோம், ஐயா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: எழுத்தைச் சரிபார்த்தீர்கள். வெட்டிய இடத்தைப் பார்த்தீர்களா? ராகி விவசாயிகள் கூட்டத்தில் ஒருவர், “விலை கிடைக்காது என்று பயந்து விதைக்காமல் இருந்துவிடாதீர்கள்” என்று பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அவர் படத்தோடு தலைப்பு: “விலை கிடைக்காது.” இரண்டு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்தவைதான். ஆனால் அவர் எழுந்து பேசியதே அந்தப் பேச்சை மறுப்பதற்கு.

தமிழில் இது மிகச் சுலபமாக நடக்கும். நம் பேச்சில் ‘என்கிறார்கள்’, ‘என்பதை ஏற்க முடியாது’, ‘என்றால்’ எல்லாம் வாலில்தான் வரும். அது வரும்வரை ஒருவர் தன் கருத்தைச் சொல்கிறாரா, அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்கிறாரா என்றே தெரியாது. அதனால் தலையை நறுக்குவதைவிட வாலை நறுக்குவதில்தான் ஆபத்து அதிகம்.

292-ஆம் குறளைப் பாருங்கள்: “பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த / நன்மை பயக்கும் எனின்.” புளுகிவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு முதல் மூன்று சொல் மட்டும் நன்றாக நினைவிருக்கும். குற்றமில்லாத நன்மையைத் தந்தால்தான் பொய்க்கு அந்த இடம் என்கிற நிபந்தனை, கடைசிச் சொல்லான ‘எனின்’ வந்த பிறகுதான் முழுதாகிறது. அடுத்த குறளே “தன்நெஞ் சறிவது பொய்யற்க” என்று தொடங்குகிறது.

வாலை மட்டும் காப்பாற்றினால் போதுமா என்றால், போதாது. அதற்கு நம் ஊர்ச் சான்றே இருக்கிறது. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்கு, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவர் பாடியது புறநானூறு 95. “இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டி” என்று தொடங்குகிறது. இந்த ஆயுதங்கள் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. இந்த அளவில் நிறுத்தினால் தொண்டைமானுக்குப் பாராட்டுப் பத்திரம். திருப்பம் மூன்றாவது அடியின் நடுவில் இருக்கிறது: “கடியுடை வியனகர் அவ்வே, அவ்வே”. முதல் ‘அவ்வே’ மாளிகையோடு சேரும். இரண்டாவது ‘அவ்வே’ அங்கே, தகடூரில் இருப்பவை. அவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன! ஒரே மாதிரியான இரண்டு சொல்லுக்கு நடுவே கத்தரி விழுந்தால், கேலி பாராட்டாகிவிடுகிறது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இருக்காது.

முழுப் பாட்டையும் போட்டாலும், யார் யாரிடம் எந்த இடத்தில் நின்று பாடியது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது தூதுப் பேச்சு என்பது பிடிபடாது. அதற்காகத்தான் பாட்டின் அடியில் அந்தக் குறிப்பைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

வாக்கியத்தை முழுசாகப் போட்டேன் என்பதும் தப்பிக்கும் வழி இல்லை. சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில், கண் போன்ற உறுப்பு இயற்கைத் தேர்வால் உருவானது என்று நினைப்பது அபத்தமாகத் தோன்றுகிறது என ஒப்புக்கொள்கிறார். அவருடைய கொள்கையை எதிர்ப்பவர்கள் இன்றும் எடுத்துப் போடும் வாக்கியம் இது. அடுத்த வாக்கியத்திலேயே, எளிய கண்ணிலிருந்து சிக்கலான கண் வரை படிப்படியான நிலைகளைக் காட்ட முடிந்தால் அந்தத் தடை உண்மையானதல்ல என்று அவரே பதில் சொல்லிவிடுகிறார். எதிராளியின் வாதத்தை முதலில் பலமாக வைத்துவிட்டு அப்புறம் உடைப்பவர்களுக்கு இந்தக் கதி அடிக்கடி நேர்கிறது.

வெட்டாமல் மேற்கோள் கிடையாது. முழுப் பேச்சையும் யாரும் அச்சடிக்க முடியாது. விட்ட பகுதியைத் திரும்பச் சேர்த்துப் படியுங்கள். போட்ட பகுதி சொல்வது அப்படியே நின்றால் வெட்டு சரி. திசை திரும்பினால் தவறு. நடுவில் மூன்று புள்ளி வைத்திருந்தாலும் தவறுதான். புள்ளி, ஏதோ விடப்பட்டது என்று சொல்லுமே தவிர, விடப்பட்டது ‘இல்லை’ என்ற சொல்லா என்று சொல்லாது.

உங்கள் மேடைப் பேச்சின் பதிவு கையில் இருந்தால், எடுத்த வரிக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள். “சிலர் கேட்கிறார்கள்”, “ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்” என்பவை முன்னால் இருக்கும்; “அது நடக்காது” என்பது பின்னால் இருக்கும். கேள்விக்குப் பதிலாகச் சொன்னது என்றால் கேள்வியையும் ஒரு வரியில் போடுங்கள். இடமில்லை என்றால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, அவர் சொன்னதன் சாரத்தை உங்கள் சொல்லில் எழுதுங்கள். அதில் பிழை வந்தால் உங்கள் தலையில் விழும். குறிக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.