பிரஷர் மாத்திரையும் கால் வீக்கமும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அம்லோடிபின் பற்றித்தான். சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அம்லோடிபின் 5 எடுத்தவரை ஒன்றுமில்லை. 10 ஆக்கி ஒரு மாதத்தில் இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டன. சிறுநீரகம் கெட்டுவிட்டதா? (வாசகி, 58, கும்பகோணம்)

அநேகமாக இல்லை. உங்கள் ஊர்க்காரர்களுக்கு வயலை வைத்துச் சொன்னால் உடனே புரியும். மடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் வயலில் தண்ணீர் நிற்கும் அல்லவா? இந்த மாத்திரை தந்துகிகளுக்குள் ரத்தம் நுழைகிற சிறு தமனிகளை விரிக்கிறது. ரத்தம் வெளியேறுகிற சிறு சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. தந்துகிக்குள் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. நின்றால் உட்கார்ந்தால் கீழே இறங்கும் என்பதால் கணுக்காலில் தெரிகிறது.

அளவு கூடினால் வீக்கமும் கூடும். 5 மில்லிகிராமில் நூற்றுக்கு மூன்று பேருக்கு, 10-ல் ஏறக்குறைய பத்துப் பேருக்கு. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். காலையில் வற்றி, சாயங்காலம் செருப்பு வார் பதிகிற அளவு வீங்கி, இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருந்தால் மாத்திரை மேல் சந்தேகப்படலாம். ஆனாலும் ஒருமுறை சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உப்பைக் குறைத்தால் வீக்கம் வடியுமா?

இந்த வீக்கம் வடியாது. பிரஷர் குறையும். அதனால் மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தால், அந்த வழியில் வடியும்.

கால் வீங்குது டாக்டர், என்ன மாத்திரை போடலாம்?

வயது இல்லை, ஆணா பெண்ணா தெரியாது, ஒரு காலா இரண்டு காலா தெரியாது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் இல்லை. "வெள்ளை கலரில் சின்னதாக இருக்கும்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மருந்துக் கடையில் பாதி மாத்திரைகள் வெள்ளை கலரில் சின்னதாகத்தான் இருக்கின்றன. ஸ்ட்ரிப்பைப் பார்த்துப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி அனுப்புங்கள்.

அம்மாவுக்கு 66 வயது. அம்லோடிபின் 10-ல் கால் வீங்கியது. நீர் பிரிய ஃப்ரூசமைடு 40 கொடுத்தார்கள். வீக்கம் கொஞ்சமும் குறையவில்லை. இப்போது தலைசுற்றல், ராத்திரி கெண்டைக்கால் இழுப்பு, போன வாரம் கால் கட்டைவிரலில் கடும் வலி. டோஸை இரட்டிப்பாக்கலாமா? (மகன், திருநெல்வேலி)

கூடாது. இந்தக் கதையை வருஷத்துக்கு இருபது தடவையாவது பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வருகிறது.

நீர் மாத்திரை, உடம்பில் உப்பும் நீரும் கூடுதலாகச் சேர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். இதயம் பலவீனமானவருக்கு அப்படிச் சேரும். அவருக்கு ஃப்ரூசமைடு உயிர்காக்கும் மருந்து. உங்கள் அம்மாவுக்கு அப்படி எதுவும் சேரவில்லை. அம்லோடிபினே லேசாக உப்பை வெளியேற்றக்கூடிய மருந்துதான். அவர் உடம்பில் நீர் இருக்கிற இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். காலில் தேங்கியதை விட்டுவிட்டு ரத்தத்தில் இருக்கிற நீரை இறைத்தால் என்ன ஆகும்? வீக்கம் அப்படியே நிற்கும், எழுந்தால் தலை சுற்றும். பொட்டாசியம் இறங்கினால் கெண்டைக்கால் இழுக்கும். யூரிக் அமிலம் ஏறினால் கட்டைவிரலில் கௌட் வரும்.

கடிதத்தோடு நீங்கள் வைத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 3.1, யூரிக் அமிலம் 9. இரண்டும் நான் சொன்னதற்குச் சாட்சி. அந்த வலிக்கு டைக்ளோஃபினாக் வேறு எழுதியிருக்கிறார்கள். அது உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், பிரஷரை ஏற்றும், வற்றிப்போன உடம்பில் சிறுநீரகத்தையும் தொந்தரவு செய்யும். பிரஷர் ஏறியதும் இன்னொரு மாத்திரை வரும். முதல் மாத்திரையின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்ததில் தொடங்கி, கடைசியில் மாத்திரை டப்பாவில் இடமில்லாமல் போகிறது.

இனி டாக்டரிடம் என்ன கேட்பது? முதலில், ஃப்ரூசமைடு வீக்கத்துக்காக மட்டும் கொடுத்ததா, இதயத்துக்காகவும் சேர்த்தா என்று கேளுங்கள். மூச்சு வாங்கினால், தலையணை உயர்த்திப் படுக்க வேண்டியிருந்தால், எடை விறுவிறு என்று ஏறினால் எக்கோ பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது. அதெல்லாம் இல்லையென்றால் வழக்கமாக நாங்கள் செய்வது இது: ஃப்ரூசமைடை நிறுத்தி, அம்லோடிபினை 5-க்கு இறக்கி, டெல்மிசார்ட்டான் 40 சேர்ப்போம். டெல்மிசார்ட்டான் வகை மருந்துகள் சிரைப் பக்கத்தையும் விரிப்பதால் வடிகாலும் திறக்கிறது. பிரஷரும் கட்டுக்குள் நிற்கும். இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த மருந்தில் பொட்டாசியம் எதிர்ப்பக்கம் ஏறலாம். டைக்ளோஃபினாக்கை விட்டுவிட்டு கௌட்டுக்கு வேறு வழி கேளுங்கள். இதில் எதையும் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்ய வேண்டாம்.

டாக்டர் அம்லோடிபினை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. வீக்கம் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் காரணம் அது இல்லையா?

அவசரப்படாதீர்கள். ரத்தத்தில் பாதி குறையவே ஒன்றரை, இரண்டு நாள் ஆகிற மருந்து. முழுக்க வெளியேற ஒரு வாரம் பத்து நாள். வீக்கம் வற்ற இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் மற்ற ஸ்ட்ரிப்புகளையும் பாருங்கள். நரம்பு எரிச்சலுக்கான பிரீகாபலின், சர்க்கரைக்கான பியோகிளிட்டசோன், மூட்டு வலி மாத்திரைகள் எல்லாமே காலை வீங்க வைக்கும்.

சில்னிடிபினுக்கு மாற்றினால் வீக்கமே வராதாமே?

"வராது" இல்லை, குறைவாக வரும். சில்னிடிபின் சிரைப் பக்கத்து நரம்புத் தூண்டலையும் கொஞ்சம் அடக்குவதால் உள்ளே வெளியே இரண்டும் ஓரளவு ஒத்துப்போகின்றன. அம்லோடிபின் 5-ல் இருந்தவருக்குச் சில்னிடிபின் 10 தொடங்குவது வழக்கம். லெர்கானிடிபினும் பரவாயில்லை. பத்து நாள் கழித்துப் பிரஷர் பார்க்க மறக்காதீர்கள். வீக்கம் வடிந்த சந்தோஷத்தில் பிரஷர் 170-க்குப் போனதைக் கவனிக்காதவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ஆறு மாதக் கர்ப்பம். நிஃபெடிபின் எடுக்கிறேன். கால் வீக்கம் மாத்திரையால்தானே?

நிஃபெடிபினும் அம்லோடிபின் வகைதான், அதனால் இருக்கலாம். ஆனால் நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரஷரோடு வீக்கம் என்றால் அன்றைக்கே சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி இருந்தால் நேராக ஆஸ்பத்திரி. மேலே சொன்ன டெல்மிசார்ட்டான் கர்ப்பத்தில் கூடவே கூடாது.

எனக்கு இடது கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலிக்கிறது. நானும் அம்லோடிபின்தான். (வாசகர், 49, சேலம்)

அம்லோடிபின் இடது வலது பார்க்காது. ஒரு கால் மட்டும் என்றால் ஆழ்சிரையில் ரத்தக் கட்டு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். இன்றைக்கே போய் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். அதுவரை காலைத் தேய்த்துவிட வேண்டாம்.